ஹசார்டு விகிதம் 0.59 என்றால் என்ன பொருள்?

கேள்வி: "R-இன் survival தொகுப்பில் உள்ள lung தரவில் காக்ஸ் மாதிரியை ஓட்டினேன். ஆண்களோடு ஒப்பிட, பெண்களுக்கு ஹசார்டு விகிதம் 0.59 என்று வருகிறது. பெண்களில் இறந்தவர்கள் 41 சதவீதம் குறைவு என்று எழுதலாமா?"

கூடாது. அந்த எண் இறந்தவர்களைத் தலை எண்ணிச் சொல்வதல்ல. இறப்பு நேரும் வேகத்தைச் சொல்வது.

ஹசார்டு என்பது, இன்று காலை வரை உயிரோடு இருப்பவர்களிடையே இன்று எந்த வேகத்தில் இறப்பு நேர்கிறது என்பது. 0.59 சொல்வது இதுதான்: எந்த நாளை எடுத்தாலும், அன்று உயிரோடிருக்கும் பெண்களிடையே அந்த வேகம் ஆண்களுடையதைப் போல் 0.59 பங்கு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இன்று உயிரோடு இருக்கிறார்கள் என்றால், முதலில் இறப்பது பெண்ணாக இருக்க வாய்ப்பு 0.59 / 1.59, அதாவது ஏறக்குறைய 37 சதவீதம். எனக்கு இந்த விளக்கம்தான் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் காக்ஸின் கணக்கும் இப்படியே நடக்கிறது: ஒவ்வோர் இறப்பின்போதும், அந்த நேரத்தில் கண்காணிப்பில் இருந்தவர்களில் ஏன் இவர் என்று கேட்கிறது. அடிப்படை ஹசார்டு என்ன என்பது அதற்குத் தேவையே இல்லை.

இனி உங்கள் 41 சதவீதத்தைச் சோதிப்போம். அந்தத் தரவில் ஓராண்டு முடிவில் உயிரோடிருக்கும் வாய்ப்பு ஆண்களுக்கு 0.336. விகிதம் எப்போதும் மாறாது என்று மாதிரி கருதுவதால், ஆண்களின் வாய்ப்பை ஹசார்டு விகிதத்தின் அடுக்குக்கு உயர்த்தினால் பெண்களுக்கான வாய்ப்பு வரும்; 0.59 என்பது முழுமையாக்காமல் 0.588:

```
0.336^0.588   # 0.527
```

காப்லன்-மேயர் வளைவும் பெண்களுக்கு 0.53 என்றே காட்டுகிறது. ஆக, ஓராண்டுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு ஆண்களுக்கு 66 சதவீதம், பெண்களுக்கு 47 சதவீதம். இவற்றின் விகிதம் 0.71; 0.59 அல்ல. காலம் நீள நீள இது 1-ஐ நெருங்கும், ஹசார்டு விகிதம் மட்டும் அப்படியே நிற்கும். இறப்பு அரிதாக இருக்கும்போதுதான் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும். நுரையீரல் புற்றுநோயில் அது அரிதல்ல.

பெண்கள் 1.7 மடங்கு நாள் வாழ்கிறார்கள் என்றும் திருப்பிப் போடாதீர்கள். இடைநிலை வாழ்நாள் ஆண்களுக்கு 270 நாள், பெண்களுக்கு 426 நாள். அறிக்கையில் இந்த நாள்களையும் 0.42 முதல் 0.82 வரையிலான நம்பக இடைவெளியையும் சேர்த்தே எழுதுங்கள். வெறும் விகிதத்தை வைத்து நோயாளிக்கு எதையும் விளக்க முடியாது.

"எந்த நாளை எடுத்தாலும்" என்பது மாதிரியின் கருதுகோள். தரவு அதற்குக் கட்டுப்படாமலும் போகலாம். அதே தொகுப்பின் veteran தரவில் நோயாளியின் உடல்நிலை மதிப்பெண் karno தொடக்கத்தில் வலுவாக வேலை செய்கிறது, சுமார் 200 நாளில் அதன் விளைவு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. சேர்க்கையின்போது எடுத்த மதிப்பெண் அதற்குள் பழையதாகிவிடுகிறது அல்லவா? அங்கே ஒரே விகிதம் தருவது, எந்தக் காலத்துக்கும் சரியாகப் பொருந்தாத ஒரு சராசரியைத் தருவதாகும். இதைக் கண்டுபிடிக்க:

```
fit <- coxph(Surv(time, status) ~ karno, data = veteran)
z <- cox.zph(fit)
z
plot(z)
```

பி-மதிப்பைவிடப் படத்தைக் கவனியுங்கள். கோடு கிடையாக ஓடினால் ஒரே விகிதம் போதும். சரிந்தோ ஏறியோ போனால் காலத்தைப் பிரித்துத் தனித்தனி விகிதம் கொடுங்கள்.