வீடு கை மாறினா அட்வான்ஸ் யார் தரணும்?

கேள்வி: நான் இருக்கிற வாடகை வீட்டை ஓனர் வித்துட்டார். ஒரு லட்சம் அட்வான்ஸ் குடுத்திருக்கேன். பழைய ஓனர் "வாங்கினவர்கிட்ட கேட்டுக்கோங்க"ன்றார், வாங்கினவர் "எனக்கு யாரும் தரலையே"ன்றார். யார்கிட்டதான் கேக்கறது?

பதில்:

இப்போதைக்கு பழைய ஓனர்கிட்டதான். வீட்டை வித்துட்டேன்னு சொன்னதும் அவர் பொறுப்பு முடிஞ்சு போயிடாது. 1882ல வந்த சொத்து மாற்றுச் சட்டத்துல 109வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. புதுசா வாங்கினவருக்கு வாடகை வாங்குற உரிமை வந்துடும், ஆனா பழையவரோட பொறுப்பு, வித்துட்டார்ங்கற ஒரே காரணத்துக்காக தீராது, குடியிருக்கிறவரா பாத்து "இனி எனக்கு புதுசா வாங்கினவர்தான் பொறுப்பு"ன்னு ஏத்துக்கிட்டாதான் தீரும்னு அதுல வருது. அதாவது யாரைப் பிடிக்கிறதுன்னு முடிவு பண்ற இடத்துல உங்களைத்தான் உக்கார வச்சிருக்காங்க, இது நிறைய பேருக்கு தெரியறதே இல்ல.

அதனாலதான் இந்த நேரத்துல எந்த பேப்பரை நீட்டினாலும் படிக்காம கையெழுத்து போடாதீங்க. எனக்கு குரோம்பேட்டைல இருக்கும்போது இதே கதைதான். வாடகை 13,000, அட்வான்ஸ் 80,000. ஓனர் வீட்டை வித்துட்டு பையனோட போய் இருக்கப்போறார்னு தெரியும், ஆனா அட்வான்ஸ் பத்தி மூச்சு விடல. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு நாலு நாள் முன்னாடி புரோக்கர் ஒரு பேப்பர் கொண்டு வந்து "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார்"னார், பாத்தா "இன்று முதல் அனைத்திற்கும் புதிய உரிமையாளரே பொறுப்பு, பழைய உரிமையாளரிடம் எனக்கு எந்த பாக்கியும் இல்லை"ன்னு டைப் அடிச்சிருக்கு. அட்வான்ஸ்னு ஒரு வார்த்தை கூட இல்ல! அதுல கையெழுத்து போட்டிருந்தா பழையவர் கழண்டிருப்பார், புதியவர் நான் வாங்கவே இல்லைன்னிருப்பார், நான் நடுவுல நின்னிருப்பேன்.

நான் போட மாட்டேன்னுட்டேன். நேரா வாங்கறவருக்கே போன் போட்டு, சார் பேலன்ஸ் பணம் குடுக்கும்போது அந்த 80,000ஐ கழிச்சிட்டு குடுங்க, நான் காலி பண்றப்போ நீங்க எனக்கு குடுங்கன்னேன். அவருக்கு கைல இருந்து ஒரு பைசா கூட போகாது, அதனால உடனே ஒத்துக்கிட்டார். பழைய ஓனர்தான் கொஞ்சம் முணுமுணுத்தார், பெயிண்ட்டுக்கு ஒரு மாச வாடகை பிடிக்கணும்னு ஆரம்பிச்சார், அது நான் காலி பண்ணும்போது பேச வேண்டியது இப்ப இல்லன்னு சொல்லி நிறுத்தினேன். கடைசில மூணு பேரும் சேர்ந்து ஒரு லெட்டர்ல கையெழுத்து போட்டோம். அதுல முக்கியமான வரி இதுதான்: "வாடகைதாரர் செலுத்திய முன்பணம் ரூ.80,000 கிரயத் தொகையில் கழிக்கப்பட்டு என்னிடம் உள்ளது, காலி செய்யும்போது நானே திருப்பித் தருவேன்." இது வாங்கினவர் கைப்பட எழுதினது. இந்த வரி இருந்தா மட்டும் புதியவரை ஏத்துக்கோங்க.

உங்க கேஸ்ல கிரயம் முடிஞ்சே போச்சு, அதனால முதல்ல பத்திரத்துல என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. வில்லங்கம் போட்டா பத்திர நம்பர் வரும், அத வச்சு சான்றிட்ட நகல் வாங்கலாம், அதுக்கு நீங்க ஓனரா இருக்கணும்னு அவசியமில்ல. அட்வான்ஸ் கழிச்சதா அதுல இருந்தா "எனக்கு தரல"ன்னு வாங்கினவர் சொல்ற பேச்சு நிக்காது. இல்லாம, நீங்க உள்ள குடியிருக்கும்போதே "காலி சுவாதீனம் ஒப்படைத்தேன்"னு எழுதியிருந்தா (நிறைய பத்திரத்துல அப்படித்தான் பழக்கத்துல அடிச்சு விடறாங்க) பணம் பழையவர்கிட்டயேதான் இருக்கும்னு வச்சுக்கலாம். முன்பணம்ங்கறது பழையவரோட சொந்தக் கடன், வீட்டோட சேர்ந்து வராதுன்னு வாங்கினவர் பக்கம் வாதாட இடம் இருக்கு, அதனால அவரை மட்டும் நம்பி பழையவரை விட்டுடாதீங்க. நோட்டீஸ் அனுப்பினா ரெண்டு பேருக்கும் சேர்த்தே அனுப்புங்க, அட்வான்ஸ் குடுத்த பேங்க் என்ட்ரி, அக்ரிமென்ட் காப்பி ரெண்டையும் வச்சு.

இன்னொண்ணு, கோவத்துல "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ன்னு வாடகைய நிறுத்திடாதீங்க. தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்துல (2017ல வந்தது) ரெண்டு மாச பாக்கி, காலி பண்ண வைக்க ஒரு காரணம். வித்த விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து வாடகைய புதியவர் அக்கவுண்ட்ல போடுங்க. தெரியாம பழையவருக்கு போட்டது இருந்தா அதை திரும்ப கட்ட வேண்டியதில்ல, அதுவும் அதே 109லயே இருக்கு. காலி பண்ணின பிறகு ஒரு மாசத்துக்குள்ள, பிடிக்க வேண்டியது போக மீதி அட்வான்ஸ தந்தாகணும்னும் அந்த 2017 சட்டம் சொல்லுது.

எனக்கு 11 மாசம் கழிச்சு காலி பண்ணும்போது பெயிண்ட்டுக்கு 8,000 பிடிச்சுட்டு 72,000 புது ஓனரே ஜிபேல போட்டார், அந்த லெட்டர் ஜெராக்ஸ அன்னிக்குதான் ஃபைல்லேர்ந்து எடுத்தேன்.