பனியன் கம்பெனி வேலையும் ரெஸ்யூம் இங்கிலீஷும்: கேள்வி பதில்

"அண்ணா, அவிநாசில எட்டு வருசமா பவர் டேபிள் டெய்லருங்க, பிளாட்லாக் ஓட்டறேன். வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?"

பவர் டேபிளை அப்படியே இங்கிலீஷில் போடாதீங்க. திருப்பூர் தாண்டினால் அது ஏதோ மேசை என்றுதான் நினைப்பாங்க. டெய்லர் என்றாலும் அளவெடுத்துத் தைப்பவர் ஆகிவிடும். ‘சூயிங் மெஷின் ஆபரேட்டர்’ போதும்.

சிக்கல் பிளாட்லாக்கில்தான். டி-ஷர்ட் கீழ் மடிப்பு அடிக்கும் மெஷினை நாம் பிளாட்லாக் என்கிறோம். வெளியே அது கவர்ஸ்டிட்ச். அங்கே பிளாட்லாக் என்றால், தையல் வகைகளுக்கு உலகம் முழுக்க வழங்கும் நம்பரில், பெரும்பாலும் 607: நாலு ஊசி, ஆறு நூல், விளையாட்டு உடையில் இரண்டு துணியைத் தடிப்பில்லாமல் இணைப்பது. அந்த மெஷினில் உட்கார வைத்து டெஸ்ட் எடுத்தால் மாட்டிக்குவீங்க.

நீங்க தைத்த பீஸைப் பாருங்க. மேலே இரண்டு நேர்கோடு, அடியில் மட்டும் நூல் பின்னல் என்றால் 406. மேலேயும் பின்னல் இருந்தால் 602. அதுவே மூணு ஊசி என்றால் 605. பிறகு இப்படி எழுதுங்க: ‘கவர்ஸ்டிட்ச் ஆபரேட்டர், ஸ்டிட்ச் 406, டி-ஷர்ட் கீழ் மடிப்பு, கை மடிப்பு’. நம்பரை எந்த நாட்டுக்காரரும் ஒரே மாதிரி படிப்பார்.

"அப்ப ஓவர்லாக்கையும் மாத்தோணுமுங்களா? அமெரிக்காவுல செர்ஜர்ங்கறாங்களே?"

சொல்றாங்க, ஆனால் அதிகமும் வீட்டு மெஷினுக்கு. ஃபேக்டரியில் ஓவர்லாக் என்றாலே புரியும். மூணு நூல் என்றால் 504 என்று சேர்த்துக்குங்க.

"நான் மெர்ச்சண்டைசர். தமிழ் ரெஸ்யூமில் ‘வணிகர்’ என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சரிதானே?"

தப்பு. வணிகர் கடை வைத்திருப்பவர். நீங்கள் பையரிடம் சாம்பிள் ஓகே வாங்கி, ஆர்டரை ஷிப்மென்ட் வரை கொண்டுபோகிறவர். ‘மெர்ச்சண்டைசர்’ என்றே விட்டு, அடுத்த வரியில் அந்த வேலையைத் தமிழில் எழுதுங்கள்.

"ஐ.டி.ஐ. டர்னர் நான். தமிழ்ல எழுதினா எல்லா இடத்துலயும் கடைசலர்னுதான் போடணும், அதானே சட்டம்?"

அரசு விண்ணப்பத்துக்கு அது பொருந்தும். அறிவிப்பில் கடைசலர் என்றிருந்தால் அதையே போடுங்க. பீளமேட்டுப் பட்டறை முதலாளிக்கு டர்னர் என்றால்தான் தெரியும். இங்கிலீஷுக்குப் போகும்போது மட்டும் அகராதி பார்க்காதீங்க. சான்றிதழில் உள்ள டிரேடு பெயரை எழுத்துப் பிசகாமல் எடுங்க.

"எனக்குப் பீஸ் ரேட்டுங்க, காண்ட்ராக்டர்கிட்ட வேலை. சம்பளம் எவ்வளவுன்னு கேக்கோணும்?"

சம்பளம் வேற பேச்சுங்க. ரெஸ்யூமில் யார் பெயர் போடறது என்று பாருங்க. பி.எஃப். காண்ட்ராக்டர் பெயரில் கட்டியிருந்தால், சரிபார்க்கும்போது அந்தப் பெயர்தான் வரும். அதனால் அவர் பெயரை எழுதி, எந்தக் கம்பெனி யூனிட்டில் தைத்தீங்க என்பதை அடுத்து எழுதலாம் என்பது என் கணக்கு. கம்பெனி பெயரே முதலில் வரணும் என்பவங்களும் உண்டு. பி.எஃப்.பே இல்லாதவங்களுக்கு எது சரி என்று எனக்கும் ஒரே பதில் இல்லை.

"‘தினம் ஒன்றரை ஷிப்ட்’டை எப்படிங்க எழுதறது?"

‘12 மணி நேரம்’ என்று.