நிலை வாரியாகப் பார்த்தால் வேர் மருந்து நல்லது, மொத்தத்தில் பார்த்தால் மோசம்: எதை நம்புவது?

கேள்வி: ஐயா, பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் குழுவில் போன வருஷம் தஞ்சாவூர் வாடல் கண்ட 200 தென்னைக்கு வைத்தியம் பார்த்தோம். எல்லா மரத்துக்கும் வேப்பம்பிண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும் வைத்தோம். அதில் 100 மரத்துக்கு மட்டும் கூடுதலாக ஹெக்சகோனசோல் வேரில் கட்டினோம். ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால் வேரில் கட்டியதில் 42 மரம்தான் தேறியது, கட்டாததில் 68 தேறியிருக்கிறது. பணமும் கூலியும் வீண், மருந்தே மரத்தைக் கெடுக்கிறது என்று குழுவில் பேச்சு. ஆனால் நோட்டில் நோய் முற்றிய மரம், முற்றாத மரம் என்று பிரித்து எழுதியிருந்ததைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் வேரில் கட்டியதுதான் கூடுதலாகத் தேறியிருக்கிறது. கூட்டலில் தப்பு இல்லை. இது எப்படி? இனிமேல் வேரில் கட்டலாமா, வேண்டாமா?

பதில்: கட்டுவதை நிறுத்த வேண்டாம். மருந்து மரத்தைக் கெடுத்தது என்பதற்கு உங்கள் நோட்டில் ஆதாரம் இல்லை. அதே சமயம், மருந்து வேலை செய்தது என்று அடித்துச் சொல்லவும் அந்த நோட்டு போதாது. நீங்கள் அனுப்பிய எண்களை ஒரே அட்டவணையில் வைத்துப் பார்ப்போம். சாறு வடிதல் அடித்தண்டில் 2 அடிக்குள் நின்று, மட்டைகள் தொங்காமல் இருந்தவற்றை ஆரம்ப நிலை என்றும், அதற்கு மேல் ஏறி அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கியவற்றை முற்றிய நிலை என்றும் குறித்திருக்கிறீர்கள். சாறு மேலே ஏறாமல் நின்று, புதுப் பாளை வந்ததைத் தேறியதாக எடுத்திருக்கிறீர்கள்.

| நோய் நிலை | வேரில் கட்டியவை: தேறியது / மொத்தம் | கட்டாதவை: தேறியது / மொத்தம் |
|---|---|---|
| ஆரம்பம் | 18 / 20 (90%) | 64 / 80 (80%) |
| முற்றியது | 24 / 80 (30%) | 4 / 20 (20%) |
| எல்லாம் சேர்த்து | 42 / 100 (42%) | 68 / 100 (68%) |

சதவீதத்தை விட்டுவிட்டு, சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கும் எண்களை மட்டும் பாருங்கள். வேரில் கட்டிய 100 மரத்தில் 80 முற்றிய மரம். கட்டாத 100-இல் 80 ஆரம்ப நிலை மரம். விலை கூடிய மருந்தை, கை நழுவிப்போகும் மரத்துக்குத்தான் எல்லோரும் முதலில் கட்டுவார்கள். லேசாகச் சாறு கண்ட மரத்துக்குப் பிண்ணாக்கே போதும் என்று விடுவார்கள். தோப்பில் அது நியாயமான முடிவுதான். ஆனால் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது மருந்தையும் மருந்தில்லாமையையும் நீங்கள் ஒப்பிடவில்லை. பெரும்பாலும் முற்றிய மரங்களை, பெரும்பாலும் முற்றாத மரங்களோடு ஒப்பிடுகிறீர்கள். நோய் முற்றியதால் விழும் அடி 60 சதவீதப் புள்ளி (90-இலிருந்து 30, 80-இலிருந்து 20). மருந்தால் வரும் ஏற்றம் 10 புள்ளி. பெரிய இறக்கம் சின்ன ஏற்றத்தை விழுங்கிவிட்டது. புள்ளியியலில் இதற்குச் சிம்ப்சன் முரண்பாடு என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் 1951-இல் இதை விளக்கி எழுதினார்.

சரியாக ஒப்பிட, இரண்டு வைத்தியத்துக்கும் ஒரே கலவையான மரங்களைக் கொடுத்துக் கணக்குப் போட வேண்டும். உங்களிடம் மொத்தம் ஆரம்ப நிலை 100 மரம், முற்றியது 100 மரம். இந்த 200-க்கும் வேரில் கட்டியிருந்தால், உங்கள் சதவீதப்படி 90-ம் 30-ம் சேர்த்து 120 மரம் தேறும். அது 60%. ஒன்றுக்குமே கட்டாமல் இருந்தால் 80-ம் 20-ம் சேர்த்து 100 மரம், அதாவது 50%. ஆகவே நியாயமான கணக்கில் 60-க்கு 50. மொத்த வரியில் தெரிந்த 42-க்கு 68 என்ற எண், யாருக்கு எந்த மருந்து கிடைத்தது என்பதைக் காட்டுகிறதே ஒழிய மருந்தின் திறனைக் காட்டவில்லை.

பிரித்துப் பார்த்தால் எப்போதும் உண்மை வரும் என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. எதை வைத்துப் பிரிக்கிறோம் என்பதுதான் முக்கியம். நோய் நிலை என்பது மருந்து கட்டுவதற்கு முன்பே மரத்தில் இருந்த ஒன்று. அதுதான் எந்த மரத்துக்குக் கட்டுவது என்பதையும் முடிவு செய்தது, மரம் தேறுமா என்பதையும் முடிவு செய்தது. அதனால் அதைப் பிரித்தே பார்க்க வேண்டும். மருந்து கட்டிய பிறகு உண்டாகும் ஒன்றை வைத்துப் பிரித்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 1981-இல் புள்ளியியலாளர்கள் டென்னிஸ் லிண்ட்லியும் மெல்வின் நோவிக்கும் இதற்குப் பயிர் உதாரணமே கொடுத்தார்கள். இரண்டு ரகங்களின் மகசூலைச் செடியின் உயரப்படி பிரித்துப் பார்த்தால் ஒரு ரகம் மேல், பிரிக்காமல் பார்த்தால் மற்றது மேல். அங்கே உயரம் என்பது ரகத்தால் வந்த விளைவு. விதைக்கும்போது செடி எவ்வளவு உயரம் வளரும் என்று தெரிந்து எவரும் ரகத்தைத் தேர்வு செய்வதில்லை. எனவே அந்த இடத்தில் மொத்தக் கணக்கைத்தான் நம்ப வேண்டும்.

உங்கள் தோப்பில் இந்தத் தவறு நுழையும் வாசல் ஒன்று உண்டு. வேரில் கட்டும்போது, பென்சில் பருமனில் உயிரோட்டமுள்ள இளம் வேராகத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, 2 மில்லி மருந்தை 100 மில்லி தண்ணீரில் கலந்த பாலிதீன் பையில் வேர் நுனி அடிவரை தொடும்படி நுழைத்துக் கட்டுகிறீர்கள். மறுநாள் பார்த்தால் சில பையில் மருந்து அப்படியே நிற்கும். வேர் அழுகிய முற்றிய மரங்களில் இது சகஜம். அப்போது வேறு வேர் தேடிக் கட்ட வேண்டும். எந்த வேரும் இழுக்கவில்லை என்றால், "இந்த மரத்துக்கு மருந்து போகவே இல்லை, கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று கழித்துவிடத் தோன்றும். கழிக்காதீர்கள். மருந்தை இழுத்த மரம் என்றாலே நல்ல வேர் மிச்சமிருந்த மரம் என்று அர்த்தம். அது மருந்தில்லாமலேயே தேற வாய்ப்பு அதிகம். கட்டாத மரங்களில் வேர் கெட்டவற்றைப் பொறுக்கி எடுக்க உங்களிடம் வழி இல்லை, அவை கணக்கிலேயே நிற்கும். ஒரு பக்கம் மட்டும் சலித்தால், மருந்துக்கு உண்மையில் இல்லாத திறன் இருப்பது போலத் தெரியும். இழுக்காத மரத்தையும் "வேரில் கட்டியது" என்ற பத்தியிலேயே வைத்து, பக்கத்தில் "இழுக்கவில்லை" என்று மட்டும் குறியுங்கள். ஒரு மரத்துக்கு வேரில் கட்டுவது என்று முடிவெடுத்தால் என்ன பலன் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. மருந்தை இழுக்காமல் போவதும் அந்த முடிவின் ஒரு பகுதி.

இப்போது அந்த 10 புள்ளி வித்தியாசத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ஆரம்ப நிலையில் வேரில் கட்டியவை 20 மரம்தான். அதில் 18-க்குப் பதில் 16 தேறியிருந்தால் 80%, வித்தியாசம் காணாமல் போயிருக்கும். முற்றியதில் கட்டாதவையும் 20 மரம்தான். அங்கே 4-க்குப் பதில் 6 தேறியிருந்தால் இரண்டும் 30%. ஆக, இரண்டு நிலையிலும் மருந்தின் மேன்மை இரண்டிரண்டு மரத்தின் மேல் நிற்கிறது. ஒரு மடையில் தண்ணீர் தேங்கினாலே மாறக்கூடிய எண் அது. 80-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்க, ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 200 ஆரம்ப நிலை மரம் வேண்டும். 20-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்துக்குச் சுமார் 300 முற்றிய மரம் வேண்டும். ஒரே வருஷத்தில் ஒரு குழுவால் முடியாது. ஆனால் ஒரே முறையில் எழுதிய நோட்டாக இருந்தால் பல வருஷத்து எண்களையும் பக்கத்து ஊர்க் குழுக்களின் எண்களையும் சேர்த்துக் கூட்டலாம்.

அட்டவணையில் ஆள்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. மருந்தே கட்டாத ஆரம்ப நிலை மரம் 80% தேறியிருக்கிறது, மருந்து கட்டிய முற்றிய மரம் 30%தான். நோயை எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் பெரிய லாபம் இருப்பது போலத் தெரிகிறது. இதிலும் ஒரு எச்சரிக்கை: இந்த நோய் மெதுவாக ஏறும். ஆரம்ப நிலை மரம் வைத்தியமே பார்க்காவிட்டாலும் 12 மாதத்தில் நின்றுகொண்டிருக்கக் கூடும். அதனால் 80% முழுவதும் பிண்ணாக்கின் புண்ணியம் என்று எடுக்க முடியாது. அந்த மரங்களை இன்னும் ஒரு வருஷம் தொடர்ந்து பாருங்கள். அதற்கிடையில், மாதம் ஒரு முறையாவது தோப்பைச் சுற்றி வந்து, அடித்தண்டின் கீழ் 2 அடியில் பட்டை வெடிப்பில் செம்பழுப்புச் சாறு கசிந்து காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். மட்டை தொங்கின பிறகு பார்த்தால் பாதி வேர் போயிருக்கும். ஒரு மரத்துக்குப் பாய்ச்சிய தண்ணீர் அடுத்த மரத்துக்கு ஓடாதபடி தனித்தனி வட்டப்பாத்தியும், பட்ட மரத்தை வேர்க்கட்டையோடு தோண்டி அகற்றுவதும் எப்போதும் போல நடக்கட்டும்.

வரும் பருவத்தில் புதிதாக நோய் காணும் மரங்களுக்கு இப்படிச் செய்யுங்கள். மருந்தைத் தொடுவதற்கு முன் மரத்துக்கு எண் போட்டு, சாறு வடிந்த மேல் எல்லையில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு எத்தனை அங்குலம், எத்தனை மட்டை தொங்குகிறது, எந்தத் தோப்பு, என்ன தேதி என்று அப்போதே எழுதிவிடுங்கள். பிறகு ஒரே தோப்பில், ஒரே நிலையில் உள்ள இரண்டிரண்டு மரமாகச் சேர்த்து, ஜோடிக்கு ஒரு முறை காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் சிறிய எண்ணுள்ள மரத்துக்கு வேரில் கட்டுவது, பூ விழுந்தால் பெரிய எண்ணுக்கு. இரண்டுக்கும் ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, தொழு உரத்தோடு டிரைக்கோடெர்மா, தண்ணீர் எல்லாம் ஒரே மாதிரி. காசு சொன்னதை மாற்றக் கூடாது. "இந்த மரம் பாவம், இதுக்கும் கட்டிடலாம்" என்று ஒருவர் மாற்றத் தொடங்கினால் முற்றிய மரங்கள் மறுபடி ஒரே பக்கம் குவியும், இதே குழப்பம் திரும்பி வரும். அப்படி விட மனமில்லாத மரம் இருந்தால் அதைச் சோதனையில் சேர்க்காமல் தனியாக வைத்தியம் பாருங்கள், தவறில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேரில் கட்டும்போது கட்டாத ஜோடி மரத்தையும் அன்றே பார்த்து, சாறு பெயின்ட் கோட்டைத் தாண்டியதா என்று மட்டும் குறியுங்கள். நிலையைத் திருத்தி எழுத வேண்டாம். முதல் நாள் எழுதிய நிலைதான் கடைசிக் கணக்குக்கு. 12-ஆம் மாதம் எண்ணும்போது எந்த மரத்துக்கு என்ன வைத்தோம் என்று தெரியாத ஒருவரை அனுப்பி எண்ணச் சொல்லுங்கள். நடுவில் பட்டுப்போனதும் வெட்டியதும் "தேறவில்லை" என்று அதனதன் பத்தியில் இருக்க வேண்டும். கணக்குப் போட்டு, மேலே உள்ள அட்டவணையைப் போல நிலை வாரியாகவே எழுதி அனுப்புங்கள்.