61 சதவீதம் பிணைந்த புரதம்: பிரிகை மாறிலி 0.64 ஆகுமா, 0.25 ஆகுமா?

கேள்வி: மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்த கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 1 மைக்ரோமோலார் எடுத்து, அதில் டான்சைலமைடு 1 மைக்ரோமோலார் இருக்கும்படி சேர்த்து, ஒளிர்வை அளந்தேன். புரதத்தில் 61 சதவீதம் பிணைந்திருப்பதாகத் தெரிகிறது. பாடநூல் சூத்திரத்தில் இட்டால் பிரிகை மாறிலி 0.64 மைக்ரோமோலார் வருகிறது. ஆனால் இந்தப் புரதத்துக்கு 0.25 என்று படித்திருக்கிறேன். என் புரதம் கெட்டுவிட்டதா, ஐயா?

பதில்: புரதம் கெடவில்லை, அம்மா. உங்கள் அளவீட்டிலும் குறை தெரியவில்லை. நீங்கள் எடுத்த அதே 61 சதவீதத்திலிருந்தே 0.25 கிடைக்கும். சூத்திரத்தில் ஈனியின் செறிவு என்று இருக்கும் இடத்தில் நீங்கள் எந்த எண்ணை இட்டீர்கள் என்பதில்தான் பிழை இருக்கிறது.

பிரிகை மாறிலியின் வரையறையிலிருந்து தொடங்குவோம். P என்பது எதுவும் பிணையாத புரதம். L என்பது கரைசலில் தனித்துத் திரியும் ஈனி, உங்கள் சோதனையில் டான்சைலமைடு. PL என்பது இரண்டும் சேர்ந்த அணைவு.

```
Kd = [P] × [L] / [PL]
```

இதில் வரும் மூன்று செறிவுகளும் சமநிலை எட்டிய பிறகு குவெட்டுக்குள் இருப்பவை. பிப்பெட்டால் நீங்கள் சேர்த்த அளவு இந்தச் சமன்பாட்டில் எங்கேயும் இல்லை. சேர்த்த 1 மைக்ரோமோலார் டான்சைலமைடில் ஒரு பங்கைப் புரதம் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒரு புரத மூலக்கூறு ஓர் ஈனியைத்தான் பிடிக்கும். அதன் செயல்மையத்திலுள்ள துத்தநாக அயனியில் டான்சைலமைடின் சல்ஃபோனமைடு நைட்ரஜன் போய் இணைகிறது. ஆகவே புரதத்தில் 61 சதவீதம் பிணைந்திருந்தால் அணைவின் செறிவு 0.61, தனித்த புரதம் 0.39, தனித்த ஈனி 1 − 0.61 = 0.39. உங்கள் சோதனையில் இரண்டின் மொத்தமும் 1 என்பதால்தான் தனித்த அளவுகளும் ஒன்றாக அமைந்தன. எப்போதும் அப்படி வராது.

```
Kd = 0.39 × 0.39 / 0.61 = 0.249
```

நீங்கள் இட்டது 1 × 0.39 / 0.61. அதிலிருந்துதான் 0.64 வந்தது. ஈனியின் மொத்தச் செறிவும் புரதத்தின் மொத்தச் செறிவும் பிணைந்த பின்னமும் தெரிந்திருந்தால், நேரடியாக இப்படி எழுதலாம்:

```
Kd = (Lt − θ·Pt) × (1 − θ) / θ
```

θ என்பது பிணைந்த புரதத்தின் பின்னம். Lt, Pt இரண்டும் மொத்தச் செறிவுகள்.

இந்தச் சூத்திரத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் அழகான ஓர் உண்மை வெளிப்படுகிறது. மொத்தச் செறிவை இட்டுப் பெறும் தவறான மாறிலி, உண்மையான மாறிலியைவிடச் சரியாகத் தனித்த புரதத்தின் செறிவு அளவுக்கு அதிகமாக இருக்கும். உங்கள் எண்களிலேயே பாருங்கள்: 0.64 − 0.39 = 0.25. தோராயமான நெருக்கம் என்று நினைக்க வேண்டாம், இயற்கணிதப்படி இது துல்லியமாகவே பொருந்தும். மொத்தச் செறிவை இடலாமா, கூடாதா என்ற கேள்விக்கும் இதிலிருந்தே விடை கிடைக்கிறது. தனித்த புரதம் ஒருபோதும் மொத்தப் புரதத்தை மிஞ்சாது. எனவே குவெட்டில் இருக்கும் புரதத்தின் செறிவு பிரிகை மாறிலியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால், பிழை 10 சதவீதத்தைத் தாண்டாது. பாடநூல்கள் இந்த நிலையை மனதில் வைத்துத்தான் எளிய சூத்திரத்தைத் தருகின்றன. மாறிலி 100 மைக்ரோமோலார் உள்ள பலவீனமான பிணைப்புக்கு 1 மைக்ரோமோலார் புரதம் மிகச் சிறியது. எதை இட்டாலும் விடை ஏறக்குறைய அதேதான். உங்கள் சோதனையில் புரதத்தின் செறிவு மாறிலியைப் போல நான்கு மடங்கு. அதனால்தான் இத்தனை வேறுபாடு.

முனைவர் பட்டத்துக்காக உழைத்த நாட்களில் நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். எண் பெரிதாக வந்ததும் புரதத்தின் மேல் சந்தேகப்பட்டு, மூன்று வாரம் அதைத் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்தினேன். எண் அசையவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த மூன்று வாரங்கள் நினைவுக்கு வந்தன. அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தச் சோதனைக்கு டான்சைலமைடு நல்ல தேர்வு. 1967-இல் சென், கெர்னோஹன் இருவரும் இதே மாட்டுப் புரதத்தில் இதைக் காட்டினார்கள். நீரில் தனியாக இருக்கும்போது டான்சைலமைடு ஏறத்தாழ 580 நானோமீட்டரில் மங்கலாக ஒளிரும். புரதத்தில் பிணைந்ததும் ஒளிர்வு 468 நானோமீட்டர் பக்கம் நகர்ந்து, பல மடங்கு பிரகாசமாகிறது. புரதத்தின் டிரிப்டோபானை 280 நானோமீட்டரில் தூண்டினாலும் அந்த ஆற்றல் பிணைந்த டான்சைலமைடுக்குப் போய்ச் சேரும். ஆகவே 468-இல் நீங்கள் காண்பது பெரும்பாலும் அணைவின் ஒளி.

இனி, 61 சதவீதம் என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க வேண்டும். பின்னத்தைக் கண்டறிய முழுமையாகத் தெவிட்டிய நிலையின் ஒளிர்வு தேவை. பலரும் கடைசியாக எடுத்த அளவீட்டையே அந்த உச்சம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஈனியின் மொத்தத்தை 5.7 மைக்ரோமோலார் வரை ஏற்றி நிறுத்தினீர்கள் என்று வையுங்கள். அங்கே தனித்த ஈனி 4.75, மாறிலி 0.25 என்றால் புரதத்தில் 95 சதவீதம்தான் பிணைந்திருக்கும். அதை 100 என்று எடுத்துக்கொண்டால் உண்மையான 0.61 உங்கள் ஏட்டில் 0.64 ஆகிவிடும்; மாறிலி 0.25-இலிருந்து 0.20-க்கு இறங்கிவிடும். 99 சதவீதம் தெவிட்ட வேண்டுமானால் தனித்த ஈனி மாறிலியைப் போல 99 மடங்கு, அதாவது ஏறத்தாழ 25 மைக்ரோமோலார் வேண்டும்.

அவ்வளவு ஈனியை ஊற்றினால் வேறு தொல்லை தொடங்கும். தனித்த டான்சைலமைடின் மங்கல் ஒளியும் கூடிக்கொண்டே போகும். தூண்டும் ஒளியை ஈனியே உறிஞ்சுவதால் அணைவின் ஒளி உண்மையைவிடக் குறைந்தும் தெரியும். வளைவு உச்சியில் தட்டையாகாமல் தொடர்ந்து ஏறினாலோ, ஏறியபின் கீழே சரிந்தாலோ இவற்றில் ஒன்று நடக்கிறது என்று பொருள். இதற்கு ஒரு நல்ல ஒப்பீடு உண்டு. அதே புரதத்தோடு எத்தாக்சோலமைடை மிகையாகச் சேர்த்து இன்னொரு வரிசை தயாரியுங்கள். அது துத்தநாகத்தை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு டான்சைலமைடை உள்ளே விடாது. அந்த வரிசையில் எஞ்சும் ஒளிதான் நீங்கள் கழிக்க வேண்டிய பின்னணி. வெறும் தாங்கல் கரைசலில் எடுத்த பின்னணியைவிட இது நம்பத்தக்கது.

இன்னொரு பலவீனம் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. தனித்த ஈனி என்பது ஒன்றையொன்று நெருங்கிய இரண்டு எண்களின் வித்தியாசம். டான்சைலமைடு உண்மையில் 1.0 அல்ல, 1.1 இருந்தது என்று கொள்ளுங்கள். தனித்த ஈனி 0.49 ஆகிறது, மாறிலி 0.31. செறிவில் இருந்த 10 சதவீதப் பிழை மாறிலியில் 25 சதவீதமாகப் பெருகிவிட்டது. டான்சைலமைடு நீரில் எளிதாகக் கரையாது என்பதால் இது கற்பனையான ஆபத்து அல்ல. எடை போட்டுக் கரைத்த கரைசலை நம்பாமல், ஒளி உறிஞ்சுதலால் அதன் செறிவை அளந்துகொள்ளுங்கள்.

புரதத்தை மேலும் கூட்டினால் நிலை மோசமாகும். புரதம் 10, ஈனி 5 மைக்ரோமோலார் என்று வைத்தால், சேர்த்த ஈனியில் பெரும்பகுதி பிணைந்துவிடும், பின்னம் 0.477 வரும். அதை 0.467 என்று படித்தால் மாறிலி 0.38, 0.487 என்று படித்தால் 0.14. நூறில் ஒரு பங்கு தடுமாற்றத்துக்கே விடை இரண்டு பக்கமும் இப்படி ஓடுகிறது. அந்தச் செறிவில் நீங்கள் அளப்பது பிணைப்பின் வலிமையை அல்ல, குவெட்டில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதை மட்டுமே. வேலை செய்யும் புரதத்தின் அளவைச் சரிபார்க்க அது உதவும், மாறிலிக்கு உதவாது.

அதனால் நாளை இதைச் செய்யுங்கள். புரதத்தை 0.1 மைக்ரோமோலாருக்கு நீர்த்து, ஈனியின் மொத்தத்தை 0.3 ஆக வையுங்கள். மாறிலி 0.25 என்பது உண்மையானால் சரியாகப் பாதிப் புரதம் பிணைந்திருக்க வேண்டும்: அணைவு 0.05, தனித்த புரதம் 0.05, தனித்த ஈனி 0.25. உங்கள் பழைய கணக்கு முறைப்படி இங்கே 0.30 வரும். 1 மைக்ரோமோலாரில் 0.64, இங்கே 0.30. புரதத்தின் செறிவை மாற்றினால் மாறும் எண் மாறிலியாக இருக்க முடியாது. அந்த முறை தவறு என்பதற்கு உங்கள் கையிலேயே சான்று கிடைத்துவிடும். திருத்திய கணக்கு இரண்டு இடத்திலும் 0.25 தர வேண்டும்.

பிறகு அந்த 0.1 மைக்ரோமோலார் புரதத்திலேயே ஈனியை 0.05-இலிருந்து 5 வரை எட்டு அல்லது பத்துப் படிகளில் ஏற்றி, எல்லாப் புள்ளிகளையும் ஒரே சமன்பாட்டில் பொருத்துங்கள்:

```
[PL] = ((Pt + Lt + Kd) − sqrt((Pt + Lt + Kd)^2 − 4·Pt·Lt)) / 2
```

இதில் மொத்தச் செறிவுகளை அப்படியே இடலாம், தனித்த ஈனியை அது தானே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உச்ச ஒளிர்வையும் மாறிலியோடு சேர்த்துப் பொருத்தவிடுங்கள். கடைசிப் புள்ளியை 100 சதவீதம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். முக்கியப் புள்ளிகள் 20 முதல் 80 சதவீதத்துக்குள் அமையட்டும். 95 சதவீதத்தில் நிற்கும் ஒற்றைப் புள்ளியிலிருந்து மாறிலியைக் கணிக்க முயன்றால், பின்னத்தில் மூன்று சதவீதப் புள்ளி இப்படியோ அப்படியோ போனாலே விடை 0.10-க்கும் 0.42-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழும்.

இரண்டு புரதச் செறிவுகளிலும் திருத்திய மாறிலி ஒத்துவராவிட்டால், முதலில் டான்சைலமைடின் செறிவைச் சோதியுங்கள். அதுவும் சரியாக இருந்தால், துத்தநாகத்தை இழந்து ஈனியைப் பிடிக்க முடியாமல் போன புரதம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாருங்கள். 10 மைக்ரோமோலார் புரதத்தில் ஈனியை ஏற்றும்போது வளைவு 10-இல் திரும்பாமல் 8-இலேயே திரும்பினால், Pt என்ற இடத்தில் நீங்கள் இட வேண்டிய எண் உறிஞ்சுதல் சொன்ன மொத்தத்தில் எண்பது சதவீதம்தான்.