கண்டிப்பு முதலில் வந்ததா, முரட்டுத்தனம் முதலில் வந்ததா?

பிள்ளை வளர்ப்பு ஆய்வுகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, குழந்தை உளவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் பதிலளிக்கிறார்.

செல்வி, மதுரை: கண்டிப்பான பெற்றோரின் பிள்ளைகள் முரடாக வளர்கிறார்கள் என்று ஆய்வில் நிரூபித்துவிட்டார்களாமே, உண்மையா?

தொடர்பு இருப்பது உண்மை. நிரூபித்துவிட்டார்கள் என்பதுதான் அவசரம்.

1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் மழலையர் பள்ளிக் குழந்தைகளையும் அவர்கள் பெற்றோரையும் நெருங்கிக் கவனித்தார். அன்போடு விதியும் வைத்து, விதிக்குக் காரணமும் சொல்லும் பெற்றோர் ஒரு வகை. ‘சொன்னால் செய், ஏன் என்று கேட்காதே’ என்பவர்கள் இன்னொரு வகை. எதையும் தடுக்காதவர்கள் மூன்றாம் வகை. முதல் வகையினரின் பிள்ளைகள் தன்னம்பிக்கையும் அடக்கமும் உள்ளவர்களாக இருந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவையும் இதே திசையில்தான் பேசின.

ஆனால் அவற்றில் பல, பெற்றோரின் கண்டிப்பையும் பிள்ளையின் நடத்தையையும் ஒரே சமயத்தில் அளந்தவை. எது எதை உண்டாக்கியது என்று அந்த அளவில் தெரியாது. இதைப் பிரித்துப் பார்க்க 1986இல் கனடாவில் ஒரு சோதனை நடந்தது. நடத்தைக் கோளாறு உள்ள சிறுவர்களின் தாய்மார்கள் ஒரு பக்கம், சாதாரணச் சிறுவர்களின் தாய்மார்கள் மறுபக்கம். ஒவ்வொரு தாயும் தன் மகனோடு சிறிது நேரம் இருந்தார். பிறகு பிறர் பெற்ற இரண்டு பையன்களோடும் தனித்தனியாக இருந்தார், ஒருவன் கோளாறு உள்ளவன், மற்றவன் இல்லாதவன். தாயின் சுபாவம்தான் காரணம் என்றால் முரட்டுப் பையனின் அம்மா எந்தப் பிள்ளையிடமும் சிடுசிடுக்க வேண்டும். நடந்தது வேறு. முரட்டுப் பையன் எதிரே இருந்தபோது இரு தரப்புத் தாய்மார்களுமே அதிகம் அதட்டினார்கள், அதிகம் ஏவினார்கள். சாந்தமான தாயையும் அந்தப் பையன் கடிந்து பேச வைத்துவிட்டான்.

முருகேசன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்: நான் எப்போதும் சொல்வதுதான். எல்லாம் பிறவிக் குணம். வளர்ப்பில் ஒன்றுமில்லை.

பாதி சரி, ஐயா. தத்தெடுக்கப்பட்ட வளரிளம் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்து 1996இல் வெளியான ஆய்வு உங்கள் பக்கம் பேசும். பெற்றவர்களுக்குப் போதைப் பழக்கமோ சட்டத்தை மீறும் போக்கோ இருந்திருந்தால், அந்தப் பிள்ளையை வளர்த்தவர்கள் கூடுதலாகக் கடிந்து நடத்தினார்கள். வளர்த்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் இரத்த உறவே கிடையாது. பிள்ளை கொண்டுவந்த சுபாவம் வளர்ப்பையே வளைத்திருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் வளர்த்தவர்களின் கடுமையும் பிள்ளையின் முரட்டுத்தனமும் ஒன்றையொன்று தூண்டுவதற்கான தடயமும் இருந்தது.

மறுபாதிக்கு பிரிட்டனின் வேல்ஸுக்குப் போக வேண்டும். அங்கே நடத்தைச் சிக்கல் தலைகாட்டிய மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் உள்ள 153 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவின் பெற்றோருக்கு 12 வாரம் பயிற்சி: குழந்தையோடு விளையாடுவது, நல்லதைக் கண்டு பாராட்டுவது, கட்டளையைச் சுருக்கமாகச் சொல்வது, கத்தாமல் விளைவைக் காட்டுவது. மற்றவர்கள் காத்திருந்தார்கள். 2007இல் வெளியான முடிவில், பயிற்சி எடுத்த பெற்றோரின் குழந்தைகளிடம் முரட்டுத்தனம் தெளிவாகக் குறைந்திருந்தது. யாருக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால், பிள்ளையின் குணம்தான் பெற்றோரை மாற்றியது என்று இங்கே சொல்ல முடியாது.

கவிதா, கோவை: நாங்கள் தத்தெடுக்கப் பதிவு செய்து காத்திருக்கிறோம். தத்துப் பிள்ளைகள் முரடாகத்தான் வருவார்கள் என்கிறீர்களா?

இல்லை அம்மா. அந்த ஆய்வில் ஒப்பிடப்பட்ட பிள்ளைகள் எல்லோருமே தத்துப் பிள்ளைகள்தான். அது தத்தெடுப்பைப் பற்றிய தீர்ப்பே அல்ல. இரத்த உறவையும் வளர்ப்பையும் தனித்தனியே பார்க்க வேறு வழி எளிதில் கிடைக்காது என்பதால்தான் ஆய்வாளர்கள் அந்தக் குடும்பங்களைத் தேடிப் போகிறார்கள்.

தேவகி, டொராண்டோ: இங்கே சீனப் பெற்றோர் எவ்வளவு கண்டிப்பு! பிள்ளைகள்தான் வகுப்பில் முதலிடம். நம் வீட்டிலும் அதுதானே சரி?

இந்தப் புதிர் 1987இலேயே எழுந்தது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஏறத்தாழ 7,800 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டபோது, அதிகாரப் போக்குள்ள வீடுகளின் பிள்ளைகளுக்குப் பொதுவாக மதிப்பெண் குறைவு. ஆசிய வம்சாவளிக் குடும்பங்களுக்கு அந்தப் போக்கில் உயர்ந்த அளவு, ஆனால் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்வு. 1994இல் ரூத் சாவ் என்ற ஆய்வாளர் அளவுகோலையே சந்தேகித்தார். சீனத் தாயின் கண்டிப்பு, பக்கத்திலேயே உட்கார்ந்து பழக்குவதும் பிள்ளைக்காகத் தன்னை ஒறுப்பதும் சேர்ந்தது. அமெரிக்க வீடுகளைப் பார்த்து எழுதிய கேள்வித்தாளில் அதைக் கேட்க இடமே இல்லை. எனவே அன்பில்லாத கெடுபிடியும் இதுவும் ஒரே கட்டத்தில் விழுந்துவிட்டன.

உடனே பிரம்பைத் தேடாதீர்கள். வட கலிபோர்னியாவில் 444 சீன அமெரிக்கக் குடும்பங்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், மிகுதியாகக் காணப்பட்டதே ஆதரவான பெற்றோர்தான். அவர்களின் பிள்ளைகளே நல்ல மதிப்பெண் வாங்கினார்கள், மனச்சோர்வும் அவர்களிடம் குறைவு. அடுத்த வீட்டுக் கண்டிப்பைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்கிறோம். அதோடு சேர்ந்து வரும் மற்றவை நம் காதில் விழுவதில்லை.

ரஹ்மான், நாகப்பட்டினம்: பதினான்கு வயது மகன் கைபேசியை மறைக்கிறான். கண்காணிப்பை இறுக்கினால் திருந்துவானா?

பெற்றோருக்குப் பிள்ளையின் நடமாட்டம் நன்றாகத் தெரிந்த வீடுகளில் வம்பு குறைவு என்பது பழைய கண்டுபிடிப்பு. அதைக் ‘கண்காணிப்பின் பலன்’ என்றே பல காலம் எழுதினார்கள். ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து 2000இல் வேறொன்றைச் சொன்னார்கள்: பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, பிள்ளை தானாக வந்து சொன்னது. வம்பில் இல்லாத பிள்ளைக்கு மறைக்க ஒன்றுமில்லை, அதனால் சொல்கிறான் என்றும் இதை வாசிக்கலாம். உங்கள் மகன் ஏன் மறைக்கிறான் என்று எனக்குத் தெரியாது. சோதனை போடத் தொடங்கிய பிறகு அவனாகச் சொல்வது குறைந்ததா என்பதை மட்டும் பாருங்கள்.

ராஜம்மாள், தஞ்சாவூர்: ‘அடியாத மாடு படியாது’ என்று எங்கள் தெருவில் எல்லோரும் அடித்துத்தான் வளர்த்தோம். யாரும் கெட்டுப்போகவில்லையே?

எல்லா வீட்டிலும் அடி விழுந்தால், அடி வாங்காமல் வளர்ந்திருந்தால் எப்படி இருந்திருப்பார்கள் என்று ஒப்பிட உங்கள் தெருவில் ஆளில்லை, பாட்டி. ஆறு நாடுகளில், இந்தியாவும் அதில் ஒன்று, 336 தாய்-பிள்ளை இணைகளிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வு இதைத்தான் கேட்டது. அடிப்பது சகஜம் என்று கருதப்படும் இடத்தில், அடியோடு சேர்ந்து காணப்படும் முரட்டுத்தனமும் பதற்றமும் சற்றுக் குறைவு. ‘நம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை’ என்று பிள்ளை எடுத்துக்கொள்ளாதது காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த இடங்களிலும் அதிகம் அடிவாங்கிய பிள்ளைகளிடம் அவை அதிகமே. பண்பாடு அடியின் வேகத்தை மட்டுப்படுத்துகிறது, இல்லாமலாக்குவதில்லை. முரட்டுப் பிள்ளைக்குத்தான் அடி அதிகம் விழுகிறதோ என்ற முதல் கேள்வி இந்த ஆய்வுக்கும் பொருந்தும்.

முருகேசன், திண்டுக்கல் (மீண்டும்): வேல்ஸில் பயிற்சி எடுத்த தாயிடமே ‘பிள்ளை திருந்தினானா’ என்று கேட்டால் ஆமாம் என்றுதானே சொல்வாள்?

நல்ல பிடி. தாய் சொன்னதோடு, வீட்டுக்குச் சென்று நேரில் கவனித்த பதிவும் அங்கே உண்டு. அதனால் அந்தக் குறை ஓரளவு நீங்குகிறது. அதைவிடப் பெரிய குறை வேறு: காத்திருந்த குடும்பங்களுக்கும் ஆறு மாத அளவீட்டுக்குப் பிறகு பயிற்சி கொடுத்துவிட்டார்கள். கொடுக்காமல் இருப்பது நியாயமல்ல. ஆனால் அதன்பின் ஒப்பிட யாரும் மிஞ்சவில்லை. பத்து வயதிலும் அந்தப் பலன் நிற்குமா என்று நீங்கள் அடுத்துக் கேட்டால், அந்த ஆய்வை வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது.