முதல் டெக்கும் மனா கர்வும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆட்டத்துக்காகப் பச்சை, சிவப்பு ஆகிய இரு நிறங்களில் 60 சீட்டு டெக் ஒன்று அமைத்திருக்கிறேன். லேண்ட் 20. மீதியில் இரண்டு மனா சீட்டுகள் 4, மூன்று மனா 10, நான்கு மனா 12, ஐந்தும் அதற்கு மேலும் 14. என்னிடம் வலிமையான கிரியேச்சர்கள் இருந்தும், சிறிய சீட்டுகளை மட்டுமே வைத்து ஆடும் தம்பியிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். ஏன்? (நாகர்கோவில்)

பதில்: லேண்ட் என்பது மனா தரும் சீட்டு; மற்ற சீட்டுகளை இறக்க அந்த மனாவைத்தான் விலையாகக் கொடுக்கிறோம். உங்கள் முறை வரும்போதெல்லாம் தவறாமல் ஒரு லேண்ட் இறக்கினால், முதல் நான்கு முறைகளில் உங்களுக்கு 1, 2, 3, 4 என மொத்தம் பத்து மனா கிடைக்கும். ஒரு முறையில் செலவழிக்காத மனா அடுத்த முறைக்குச் சேராது. உங்கள் தம்பி இரண்டாம் முறையில் இரண்டு மனா சீட்டையும், அடுத்து மூன்று, நான்கு மனா சீட்டுகளையும் இறக்கினால் பத்தில் ஒன்பதைப் பயன்படுத்திவிடுகிறார். நீங்களோ நான்காம் முறையில்தான் முதல் சீட்டை இறக்குகிறீர்கள் என்றால் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறீர்கள். உங்கள் பெரிய கிரியேச்சர் களத்துக்கு வரும்போது ஆட்டம் பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும்.

மனா கர்வ் என்பது, லேண்ட் நீங்கலாக உள்ள சீட்டுகளை விலைவாரியாக அடுக்கும்போது கிடைக்கும் வடிவம். சீட்டுகளை மேசையில் ஒரு மனா, இரண்டு மனா என வரிசை வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். உங்கள் டெக்கில் இடப்பக்கம் வெறுமையாகவும் வலப்பக்கம் கனமாகவும் இருப்பது உடனே தெரியும். முதல் டெக்குக்கு நான் பரிந்துரைக்கும் கணக்கு இது: லேண்ட் 24, ஒரு மனா 4, இரண்டு மனா 10, மூன்று மனா 9, நான்கு மனா 7, ஐந்து மனா 4, ஆறு மனா 2.

இரண்டு மனா இடத்தில் இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். முதலில் ஆடுபவர் தம் முதல் முறையில் சீட்டு எடுப்பதில்லை என்பதால், இரண்டாம் முறையில் அவர் எட்டுச் சீட்டுகளையே பார்த்திருப்பார். டெக்கில் இரண்டு மனா சீட்டுகள் நான்கு மட்டும் இருந்தால், அவற்றில் ஒன்றாவது அதற்குள் கையில் வர நூற்றுக்கு 44 வாய்ப்புதான். எட்டாக உயர்த்தினால் அது 70ஐத் தாண்டுகிறது. ஆறு மனா சீட்டுக்கு அந்த அவசரம் கிடையாது. நீண்ட ஆட்டத்தில் ஒன்று வந்தால் போதும். தொடக்கக் கையில் இரண்டு வந்தால் அவை வெறும் சுமை.

லேண்ட் 24 என்பதற்கும் காரணம் உண்டு. முதலில் ஆடுபவர் நான்காம் முறைக்குள் பத்துச் சீட்டுகளைப் பார்க்கிறார். அவற்றில் சராசரியாக நான்கு லேண்ட் வர வேண்டுமானால், டெக்கில் ஐந்தில் இரண்டு பங்கு லேண்டாக இருக்க வேண்டும். உங்கள் 20 லேண்டுக்கு அந்தச் சராசரி மூன்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நான்கு மனாவிலும் அதற்கு மேலும் 26 சீட்டுகள் வைத்திருப்பவருக்கு அது எப்படிப் போதும்?

திருத்திய பிறகு, தோற்கும் ஆட்டங்களின் முடிவில் கையில் எஞ்சியவற்றைக் குறித்து வாருங்கள். விலையுயர்ந்த சீட்டுகள் தேங்கியிருக்க, களத்தில் லேண்ட் மூன்றோடு நின்றிருந்தால் கர்வ் இன்னும் கனமாகவே இருக்கிறது. மாறாக, லேண்ட் ஏராளமாக இருந்து கை காலியாக இருப்பது அடிக்கடி நேர்ந்தால் ஒரு லேண்டைக் குறைக்கலாம். ஓரிரு ஆட்டங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: லானோவர் எல்வ்ஸ் நான்கு வைத்திருப்பதால் லேண்டை 20ஆகவே விடலாமா? (மார்த்தாண்டம்)

பதில்: கூடாது. ஒரு பச்சை மனாவுக்கு வரும் அந்தக் கிரியேச்சர் அடுத்த முறையிலிருந்து ஒரு பச்சை மனா தரும். அதனால் மூன்று மனா சீட்டை இரண்டாம் முறையிலேயே இறக்கலாம். ஆனால் அதை இறக்குவதற்கே ஒரு லேண்ட் வேண்டும், எதிராளி அதை எளிதில் கொன்றும்விடுவார். ஒரு லேண்டைக் குறைத்து 23 வைப்பது வரை எனக்குச் சம்மதம்.

இந்தச் சீட்டு முதல் முறையிலேயே வந்தால்தான் பயன் என்பதால் லேண்டைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். 24 லேண்டில் பச்சை மனா தரும் ஃபாரஸ்ட் 12 இருந்தால் தொடக்கக் கையில் ஒன்றாவது வர நூற்றுக்கு 81 வாய்ப்பு. 14 இருந்தால் 86. அப்போது சிவப்பு மனா தரும் மவுண்டன் பத்தாகக் குறைவதால், இரண்டு சிவப்பு மனா கேட்கும் மலிவான சீட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிடித்த சீட்டுகளை விட மனமில்லை. 66 சீட்டு வைக்கலாமா? (குளச்சல்)

பதில்: விதி அனுமதிக்கிறது, 60 என்பது குறைந்தபட்ச அளவுதான். ஆனால் கூடும் ஒவ்வொரு சீட்டும் உங்கள் சிறந்த சீட்டு வருவதைத் தள்ளிப்போடும். 60க்கு இறங்குங்கள்.

கேள்வி: முதல் ஏழு சீட்டில் இரண்டே லேண்ட் வந்தால் கையை மாற்ற வேண்டுமா? (தக்கலை)

பதில்: மற்ற ஐந்தும் என்ன என்பதைப் பொறுத்தது. 24 லேண்ட் டெக்கில், முதலில் ஆடுபவருக்கு மூன்றாம் முறைக்குள் மூன்றாவது லேண்ட் கிடைக்க நூற்றுக்கு 66 வாய்ப்பு. இரண்டாவதாக ஆடுபவர் ஒரு சீட்டு கூடுதலாக எடுப்பதால் அவருக்கு 81. கையில் ஒன்று, இரண்டு மனா சீட்டுகள் குறைந்தது மூன்று இருந்தால், இரண்டாவதாக ஆடும்போது தயங்காமல் வைத்துக்கொள்வேன். முதலில் ஆடும்போதும் பெரும்பாலும் வைத்துக்கொள்வேன். ஐந்தும் நான்கு மனாவுக்கு மேல் என்றால் இரு நிலையிலும் மாற்றிவிடுவேன். மாற்றினால் மீண்டும் ஏழு எடுத்து, அவற்றில் ஒன்றை டெக்கின் அடியில் வைக்க வேண்டும். அப்போது கையிலுள்ள ஆறு மனா சீட்டையே அடியில் வையுங்கள்.