திதி ஒரு நாள், விரதம் ஒரு நாள்: தினசரி காலண்டர் பற்றிய கேள்விகள்

எங்கள் வீட்டுக் காலண்டரில் செவ்வாய்க்கிழமைத் தாளில் திரயோதசி என்று இருக்கிறது. பிரதோஷம் மட்டும் திங்கட்கிழமைத் தாளில் இருக்கிறது. அச்சுப் பிழையா? (ராயபுரம் வாசகி)

பிழை இல்லை அம்மா. நீங்கள் அனுப்பிய தாள்களில் திங்களன்று "பிற்பகல் 3.40 வரை துவாதசி, பின் திரயோதசி" என்றும், செவ்வாயன்று "பிற்பகல் 2.05 வரை திரயோதசி, பின் சதுர்த்தசி" என்றும் இருக்கின்றன. திதி நள்ளிரவில் மாறுவதில்லை. சூரிய உதயத்திலும் மாறுவதில்லை. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் ஒவ்வொரு முறையும் ஒரு திதி முடிகிறது. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடாததால் ஒரு திதிக்கு ஏறத்தாழ 20 மணி நேரமும் ஆகலாம், 26 மணி நேரமும் ஆகலாம். அதனால்தான் முடியும் நேரம் நாளுக்கு நாள் நகர்கிறது.

தாளில் முதலில் நிற்பது அன்று சூரிய உதயத்தில் இருக்கும் திதி. ஆனால் பிரதோஷம் என்பது திதியின் பெயரே அல்ல, வேளையின் பெயர். 'தோஷா' என்றால் இரவு. இரவு தொடங்கும் அந்திப் பொழுதே பிரதோஷம். அந்தப் பொழுதில் திரயோதசி இருக்க வேண்டும். திங்கள் மாலை 6 மணிக்குத் திரயோதசி இருக்கிறது. செவ்வாய் மாலைக்குள் சதுர்த்தசி வந்துவிடுகிறது. ஆகவே திங்களன்று மாலை 4.30 மணிக்குக் கோயிலில் நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது அங்கே இருங்கள்.

அதே வாரம் புதன் பகல் 12.40 வரை சதுர்த்தசி, வியாழன் காலை 11.30 வரை அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் என்று கொடுப்பது? (தண்டையார்பேட்டை வாசகர்)

புதன்கிழமை. வியாழன் காலையில் அமாவாசை இருக்கிறதே என்று பலரும் அன்று கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு வரும் கடிதங்களில் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

பிதுர் காரியத்துக்கு உரிய வேளை அபராண்ணம். பகலை ஐந்து பங்காக்கினால் நான்காவது பங்கு அது. காலை 6 முதல் மாலை 6 வரை பகல் என்று கொண்டால், பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. புதனன்று அந்த வேளை முழுவதும் அமாவாசை நிற்கிறது. வியாழனன்று அது 11.30-க்கே முடிந்துவிடுகிறது. காலண்டரில் 'அமாவாசை' என்று தடித்த எழுத்தில் புதன் தாளில் போட்டிருப்பதும் இதனால்தான்.

வேலைக்குப் போகும் அவசரத்தில் காலை 7 மணிக்கே கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. இந்தப் புதனன்று அந்த நேரத்தில் சதுர்த்தசிதான் இருக்கும். முடிந்தால் அரை நாள் விடுப்பு எடுங்கள். முடியாது என்றால் உங்கள் வாத்தியாரிடம் கேட்டு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

'அமா' என்றால் கூட, சேர்ந்து. சூரியனும் சந்திரனும் சேர்ந்து வசிக்கும் நாள் என்பது பெயரின் பொருள்.

நாங்கள் ஏகாதசி இருந்த மறுநாள் எதிர்வீட்டில் ஏகாதசி என்றார்கள். யார் செய்தது சரி? (காலடிப்பேட்டை வாசகி)

இரண்டு வீடும் சரிதான். ஏகாதசி என்றால் பதினொன்றாம் திதி. வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று. பொதுவாக, சூரிய உதயத்தில் ஏகாதசி இருக்கும் நாளில் உபவாசம்.

வைணவர்கள் இன்னும் ஒரு படி பார்ப்பார்கள். உதயத்துக்கு முந்தைய 4 நாழிகை, அதாவது 96 நிமிடம், அருணோதயம். அதற்குள் தசமி தொட்டுக்கொண்டிருந்தால் அந்த ஏகாதசியை விட்டுவிட்டு மறுநாள் விரதம் இருப்பார்கள். உங்கள் தாளில் தசமி அதிகாலை 5.10 வரை இருந்தது. 6 மணி உதயத்துக்கு அருணோதயம் 4.24-க்குத் தொடங்கிவிடுகிறது, தசமி உள்ளே வந்துவிட்டது. எதிர்வீட்டார் அதைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் எதைப் பின்பற்றினார்களோ அதையே தொடருங்கள். வருடத்துக்கு வருடம் முறையை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

பாரணையையும் பாருங்கள். மறுநாள் துவாதசி முடிவதற்குள் உணவு கொள்ள வேண்டும். சில மாதம் துவாதசி காலை 8 மணிக்கே முடிந்துவிடும். அன்று சமையலைச் சீக்கிரம் தொடங்குங்கள்.

சங்கடஹர சதுர்த்தியும் மாலைக் கணக்கா? (எண்ணூர் வாசகர்)

இல்லை, சந்திர உதயக் கணக்கு. தேய்பிறையில் சந்திரன் எழும்போது சதுர்த்தி இருக்கும் நாள் அது.

இரண்டு காலண்டரில் திதி முடியும் நேரம் ஒன்றரை மணி நேரம் வேறுபடுகிறதே? (வண்ணாரப்பேட்டை வாசகி)

ஒன்று வாக்கியப் பஞ்சாங்கமாகவும் மற்றது திருக்கணிதமாகவும் இருக்கும். வாக்கியம் பழைய சூத்திர வாய்பாடுகளின்படி கணிப்பது. திருக்கணிதம் வானில் இன்று உள்ள நிலைக்குத் திருத்திக் கணிப்பது. வேறுபாடு சில நேரம் ஒன்றிரண்டு மணியைத் தாண்டியும் போகும். தொடக்கத்தை ஒன்றிலும் முடிவை மற்றொன்றிலும் பார்க்காதீர்கள். நீங்கள் போகும் கோயிலில் எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்டு, அதை ஒட்டிய காலண்டரைச் சுவரில் மாட்டுங்கள்.